வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம் தாமதமானால் எதை, எப்படித் திருப்பிக் கேட்பது

கேள்வி: "தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு ஆப் மூலம் வேறு நாட்டுக்குப் பணம் அனுப்பினேன். இரண்டு நாளில் சேரும் என்றார்கள், ஒன்பது நாள் ஆகிவிட்டது. கடைசியில் அபராதத்தோடு கட்ட வேண்டியதாயிற்று. கஸ்டமர் கேரில் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்பதோடு சரி. நஷ்ட ஈடு கேட்டால் தருவார்களா? எப்படி எழுதுவது?"

கேட்டால் ஏதாவது ஒன்று கிடைக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். இந்த மாதிரிக் கடிதங்களை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து படித்தவன் என்பதால், அங்கே என்ன நடக்கும் என்பதை வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனதில் இருப்பது ஒரே கணக்கு: "இவர்களால் எனக்கு இவ்வளவு நஷ்டம்." புகார்ப் பிரிவில் அது நான்கு கணக்காக உடையும். நீங்கள் கொடுத்த அனுப்பும் கட்டணம் ஒன்று. தாமதத்தால் மாற்று விகிதத்தில் ஏதாவது இழந்திருந்தால் அது இரண்டாவது. கல்லூரியில் கட்டிய அபராதம் மூன்றாவது. போன் மேல் போன் போட்டு அலைந்ததும் தூக்கம் கெட்டதும் நான்காவது. இந்த நான்குக்கும் விதிகள் வேறு, முடிவெடுக்கும் ஆளும் பெரும்பாலும் வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி "எனக்கு 200 டாலர் வேண்டும்" என்று எழுதினால், அதைப் படிப்பவருக்கு மறுப்பது சுலபமாகிவிடும். தனித்தனியாகக் கேட்டால் முதல் கணக்குக்கு ஆமாம் என்று சொல்லியே தீர வேண்டிய நிலை வரும். ஒன்றை ஒப்புக்கொண்டபின் மற்றதைப் பேசுவதும் எளிதாகும்.

அடுத்தது, "தாமதம்" எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பது. ஆப்பைத் திறந்ததும் "நிமிடங்களில் சேரும்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். புகாரில் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. பணம் கட்டி முடித்தபின் மின்னஞ்சலில் வரும் ரசீதில் ஒரு தேதி இருக்கும், அதுதான் கணக்கு. அமெரிக்காவிலிருந்து அனுப்பினால் ரசீதில் Date Available என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அந்தத் தேதிக்குள் பெறுபவர் கையில் பணம் சேரவில்லை என்றால்தான் சட்டப்படி தாமதம். நீங்கள் எழுதிய "இரண்டு நாள்" எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சாட்டில் ஒருவர் சொன்னதா, விளம்பரத்தில் பார்த்ததா, ரசீதில் இருப்பதா? ரசீதில் ஐந்து நாள் என்று போட்டிருந்தால் உங்கள் தாமதம் ஏழு நாள் இல்லை, நான்கு நாள். கடிதத்தில் ஏழு என்று எழுதி, அவர்கள் நான்கு என்று காட்டிவிட்டால், மற்ற விஷயங்களிலும் உங்கள் வார்த்தைக்கு மதிப்புக் குறையும்.

தேதி உறுதியானபின் பார்க்க வேண்டியது காரணம். இங்கேதான் பெரும்பாலான புகார்கள் தோற்கும், அல்லது ஜெயிக்கும். பணம் நின்றுபோகும் இடங்கள் பொதுவாக மூன்று. முதலாவது, பணம் உங்கள் பக்கத்தை விட்டுக் கிளம்பும் முன்பே நடக்கும் சோதனை. அனுப்புபவர், பெறுபவர் இருவர் பெயரையும் அரசுகள் தடை விதித்தவர்களின் பட்டியல்களோடு ஒப்பிடுவார்கள். ஒத்த பெயர் ஒன்று இருந்தாலோ, வழக்கத்தைவிடப் பெரிய தொகையாக இருந்தாலோ நிறுத்திவைத்து அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ கேட்பார்கள். ஆப்பில் இது In review என்பது மாதிரி ஏதாவது ஒரு வார்த்தையில் தெரியும். இரண்டாவது, நிறுவனத்துக்கும் அந்த நாட்டிலுள்ள அதன் கூட்டாளி வங்கிக்கும் நடுவில். உங்கள் பணம் எல்லை தாண்டிப் போவதாக நினைத்துக்கொள்கிறோம், பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கூட்டாளி வங்கியில் நிறுவனம் முன்கூட்டியே ஒரு தொகையைப் போட்டுவைத்திருக்கும். உங்கள் பெயரில் போவது "இந்தக் கணக்குக்கு இவ்வளவு கொடு" என்ற உத்தரவு மட்டும்தான். அந்த உத்தரவு போய்ச் சேராமல் போகலாம், மறுக்கப்படலாம், அல்லது முன்பணம் தீர்ந்துபோய்க் காத்திருக்கலாம். மூன்றாவது, பெறுபவரின் வங்கி. உத்தரவு வந்தும் வரவு வைக்காமல் இருக்கும் இடம் இது. விடுமுறை நாள், முடங்கிய கணக்கு, பெயர்ப் பொருத்தமின்மை எல்லாம் இங்கே மாட்டும்.

பெயர்ப் பொருத்தமின்மை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஆட்களுக்கு இது அதிகம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கிக் கணக்கில் இன்ஷியல் மட்டும் இருக்கும், சில இடத்தில் இன்ஷியல் முன்னால், சில இடத்தில் பின்னால். அனுப்புபவர் தங்கையின் பாஸ்போர்ட்டைப் பார்த்து டைப் செய்கிறார், வங்கி அதைத் தன் பதிவோடு ஒப்பிட்டுத் திருப்பி அனுப்புகிறது. இப்படி நடந்திருந்தால் "நீங்கள் தந்த விவரம் தவறு" என்று நிறுவனம் சொல்லும். அதில் நியாயமும் இருக்கிறது. அப்படியானால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டிய கடமைகூட அவர்களுக்கு இல்லாமல் போகலாம். ஆனால் வங்கி திருப்பி அனுப்பிய தகவல் அவர்களுக்கு என்றைக்கு வந்தது, உங்களுக்கு என்றைக்குச் சொன்னார்கள் என்று கேளுங்கள். நடுவில் நான்கு நாள் சும்மா இருந்திருந்தால் அந்த நான்கு நாளுக்கு உங்கள் பெயர்ப் பிழையைக் காரணம் காட்ட முடியாது.

அதனால் நஷ்ட ஈடு கேட்கும் கடிதத்துக்கு முன்னால் தகவல் கேட்கும் கடிதம் ஒன்று போக வேண்டும். அதில் கேட்க வேண்டியவை: பணத்தை எந்தத் தேதியில் எந்த நேரத்தில் கூட்டாளிக்கு விடுவித்தார்கள், கூட்டாளி தந்த குறிப்பு எண் என்ன, ஏதாவது மறுப்பு வந்ததா, வந்திருந்தால் என்றைக்கு, என்ன காரணத்துக்காக, இறுதியில் கணக்கில் வரவானது எப்போது. வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகப் போயிருந்தால் UETR என்ற 36 எழுத்து எண்ணைக் கேளுங்கள். அதை வைத்துப் பெறுபவரின் வங்கியே பணம் எங்கே நின்றது என்று பார்த்துச் சொல்ல முடியும். இதையெல்லாம் முன்னணியில் சாட்டுக்குப் பதில் சொல்லும் பையனால் பார்க்க முடியாது. அவர் திரையில் "ப்ராசஸிங்" என்று மட்டும்தான் தெரியும். எனவே அவரிடம் சண்டை போடாமல், "இதை முறையான புகாராகப் பதிவு செய்து எண் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த வார்த்தை வரும்வரை உங்கள் எட்டு போன் அழைப்பும் எட்டு விசாரணையாகத்தான் பதிவாகியிருக்கும், ஒரு புகாராகக்கூட இருக்காது.

உங்களுடையதைப் போன்ற ஒரு ஒன்பது நாள் கதையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 900 டாலர், கட்டணம் 5 டாலர். 4-ம் தேதி அனுப்பியது, ரசீதில் 6-ம் தேதி சேரும் என்று இருக்கிறது. 5-ம் தேதி காலையில் அடையாள அட்டை கேட்டு மின்னஞ்சல் வந்தது. அது ஸ்பாமில் விழுந்து, 6-ம் தேதி இரவில்தான் அனுப்புபவர் பார்த்துப் பதிவேற்றினார். 7-ம் தேதி நிறுவனம் சரி என்று விடுவித்தது. ஆனால் கூட்டாளி வங்கிக்குப் போன உத்தரவு தொழில்நுட்பக் கோளாறால் சேரவில்லை. இது யாருக்கும் தெரியவில்லை. 12-ம் தேதி அனுப்புபவர் கத்தியபின் ஒருவர் திறந்து பார்த்து, மறுபடி அனுப்பினார். 13-ம் தேதி வரவானது. கல்லூரியில் கடைசி நாள் 10. அபராதம் டாலர் மதிப்பில் 30.

வெளியிலிருந்து பார்த்தால் ஏழு நாள் தாமதம். உள்ளே பார்த்தால் இரண்டு துண்டு. 7-ம் தேதி வரையிலானது சோதனையாலும், மின்னஞ்சலைப் பார்க்காததாலும். அதற்கு அவர்களைப் பிடிப்பது கஷ்டம். 7 முதல் 13 வரையிலான ஆறு நாள் முழுக்க அவர்கள் பொறுப்பு. சோதனையை எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும் அது 7-ம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் முக்கியமாக, 8-ம் தேதி சேர்ந்திருந்தால் கல்லூரி அபராதமே இல்லை. அபராதத்துக்குக் காரணம் எந்தத் துண்டு என்று காட்ட முடிகிறது, இல்லையா? இதைத்தான் கடிதத்தில் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் எழுதுவது கோபம். தேதிகள் வருவதே இல்லை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எந்த நாட்டிலிருந்து அனுப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம், ஏனென்றால் நிறுவனத்தை எங்கே பிடிக்கலாம் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அனுப்பிய நாட்டின் சட்டம்தான், பணம் போய்ச் சேர்ந்த நாட்டினுடையது இல்லை. தங்கை அங்கிருந்து புகார் கொடுத்தால் "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை" என்ற பதில்தான் வரும். இரண்டு நாடுகளின் விதிகளைச் சொல்கிறேன். உங்கள் நாடு வேறாக இருந்தாலும், இரண்டில் எந்த மாதிரியைச் சேர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் ரெகுலேஷன் ஈ என்ற விதித்தொகுப்பில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ரசீதில் சொன்ன தேதிக்குள் பணம் சேராவிட்டால் அது "பிழை" எனக் கருதப்படும். அந்தத் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நீங்கள் சொல்ல வேண்டும், வாயால் சொன்னாலும் செல்லும். நிறுவனம் 90 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும், முடித்த மூன்று வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். பிழை என்று தெரிந்தால், பணம் இன்னும் சேராத நிலையில் திருப்பி வாங்குவதா, கூடுதல் செலவில்லாமல் பெறுபவருக்குச் சேர்ப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. தாமதமாகச் சேர்ந்துவிட்டது என்றாலும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். இதில் விதிவிலக்குகள் உண்டு. முன்கூட்டி எதிர்பார்க்க முடியாத அசாதாரண நிலைமை ஒன்று. மோசடித் தடுப்புக்காகவோ பணச் சலவைச் சட்டத்துக்காகவோ தேவைப்பட்ட தனி விசாரணை இன்னொன்று. ஆனால் எல்லோருக்கும் செய்யும் வழக்கமான சோதனை இதில் சேராது. அதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துத்தான் ரசீதில் தேதி போட்டிருக்க வேண்டும். "செக்யூரிட்டி காரணம்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தால், "இது வழக்கமான சோதனையா, என் பரிமாற்றத்துக்கென்று தனியாக நடந்த விசாரணையா, எந்தத் தேதியில் முடிந்தது" என்று திருப்பிக் கேளுங்கள். விவரம் முழுவதையும் தர மாட்டார்கள், சிலவற்றைச் சொல்லச் சட்டமே அவர்களுக்கு அனுமதிக்காது. முடிந்த தேதியைக் கேட்பதில் தப்பில்லை.

இந்த விதியின் கெட்ட செய்தியையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அபராதம் மாதிரியான பின்விளைவு இழப்புகள் இதில் சேராது என்று விதிக்கான அதிகாரபூர்வ விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதாவது அமெரிக்காவில் 5 டாலர் உங்கள் உரிமை, 30 டாலர் நீங்கள் கேட்டு அவர்கள் மனமுவந்து தருவது. வழக்குப் போட்டு வாங்க வழியில்லையா என்றால், சேவை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் பின்விளைவு இழப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வாசகம் இருக்கும். 30 டாலருக்காக அதோடு மல்லுக்கட்டுவது லாபமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். என் கருத்து, வேண்டாம்.

பிரிட்டனில் நிலைமை வேறு மாதிரி. அங்கே பணப் பரிமாற்றம் பற்றிய புகாருக்கு நிறுவனம் 15 வேலை நாளுக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். விதிவிலக்கான சமயங்களில் 35 வேலை நாள் வரை போகலாம், அப்போதும் 15 நாளுக்குள் ஏன் தாமதம் என்று எழுதியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இதே நாள் கணக்குதான். பதில் திருப்தி இல்லை என்றால் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மன் சர்வீஸ் என்ற அமைப்புக்குப் போகலாம், காசு கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அவர்கள் பார்ப்பது "நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்" என்பதை. நிறுவனத்தின் தவறால்தான் அபராதம் வந்தது என்று நிரூபித்தால் அதைத் தரச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாகத் தொகை சொல்லலாம். சின்னத் தவறுக்கு 100 பவுண்டுக்குக் கீழ், நிறைய அலையவைத்த தவறுக்கு 300 பவுண்டு வரை, வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்தால் அதற்கு மேல் என்று அவர்களே தங்கள் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரத் தாமதம், பத்துத் தடவை போன், ஒவ்வொரு முறையும் வேறு பதில் என்றால் முதல் இரண்டு படிகளுக்குள் ஏதாவது ஓரிடத்தில் நிற்கும். எங்கே நிற்கும் என்பது கேஸைப் பார்க்கிற ஆளைப் பொறுத்தது, அதை யாராலும் முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது.

மாற்று விகிதம் பற்றி நிறையப் பேர் தப்பாகக் கேட்கிறார்கள். அனுப்பும்போதே விகிதம் பூட்டப்பட்டு, தங்கைக்கு எவ்வளவு சேரும் என்று ரசீதில் எழுதியிருந்து, அந்தத் தொகையே சேர்ந்திருந்தால், நடுவில் சந்தை விகிதம் எப்படிப் போயிருந்தாலும் உங்களுக்கு இழப்பில்லை. "அன்றைக்கு இன்னும் நல்ல விகிதம் இருந்தது" என்பது கோரிக்கை ஆகாது. விகிதம் ஒரு பிரச்சினையாவது இரண்டு சமயத்தில்: பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி அனுப்பச் சொல்லி, இரண்டாவது தடவை குறைந்த விகிதத்தில் போனால், அல்லது ரசீதில் சொன்னதைவிடக் குறைவாக வரவானால். இரண்டாவது நடந்திருந்தால் அது தாமதத்தைவிடப் பெரிய புகார், அதை முதலில் எழுதுங்கள்.

அபராதத்தைக் கேட்கும்போது எதிர்ப்பக்கம் இரண்டு கேள்வி கேட்பார்கள். இது அவசரம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இழப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? முதல் கேள்விக்குச் சிறந்த பதில் சாட் பதிவு. 8-ம் தேதி சாட்டில் "10-ம் தேதிக்குள் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரி பத்துப் பக்கக் கடிதத்துக்குச் சமம். சாட் சன்னலை மூடினால் சில ஆப்களில் பதிவு மறைந்துவிடும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனில் பேசியிருந்தால் தேதி, நேரம், பேசியவர் சொன்ன பெயர் இவற்றைக் குறித்திருந்தால் போதும், பதிவு அவர்களிடம் இருக்கும். அதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். இரண்டாவது கேள்விக்கு, கல்லூரியிடம் அவகாசம் கேட்ட மின்னஞ்சலும், வேறு வழியில் பணம் புரட்ட முயன்றதற்கு ஏதாவது சான்றும் இருந்தால் இணையுங்கள். கல்லூரியின் அபராத ரசீதில் தேதியும் தொகையும் இருக்க வேண்டும். தங்கை வாட்ஸாப்பில் "அபராதம் போட்டுட்டாங்க" என்று அனுப்பியதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடிதம் நீளமாக வேண்டாம். பொருள் வரியில், அமெரிக்கா என்றால் Notice of Error என்றும், மற்ற இடங்களில் Formal Complaint என்றும் பரிமாற்ற எண்ணோடு போடுங்கள். அந்த வார்த்தைகளைப் பார்த்துத்தான் அஞ்சலைப் பிரிப்பார்கள். உள்ளே உங்கள் பெயர், தொலைபேசி, பெறுபவர் பெயர், தொகை, அனுப்பிய தேதி. அப்புறம் விஷயம். மேலே சொன்ன கதைக்கு இப்படி எழுதலாம்: "ரசீதின்படி 6-ம் தேதி சேர வேண்டிய பணம் 13-ம் தேதி சேர்ந்தது. நீங்கள் கேட்ட ஆவணத்தை 6-ம் தேதி இரவு தந்தேன், 7-ம் தேதி ஏற்றுக்கொண்டீர்கள். அதன்பின் 12-ம் தேதி நான் அழைக்கும்வரை உத்தரவு கூட்டாளி வங்கிக்குப் போகவில்லை என்று உங்கள் பிரதிநிதி சாட்டில் சொன்னார், படம் இணைத்துள்ளேன். 8-ம் தேதியே அவசரத்தைத் தெரிவித்திருந்தேன். என் கோரிக்கைகள்: அனுப்பும் கட்டணம் 5 டாலரைத் திருப்பித் தருவது, கல்லூரி அபராதம் 30 டாலரை ஈடுசெய்வது, ரசீது இணைப்பில், 7 முதல் 12 வரை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்பதற்கு எழுத்தில் விளக்கம். மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தரவும்." இவ்வளவுதான். ஸ்பாமில் விழுந்த மின்னஞ்சலை மறைக்காதீர்கள். அது அவர்கள் பதிவில் இருக்கிறது. நீங்களே 7-ம் தேதி வரையிலானதைக் கழித்துவிட்டுக் கேட்டால், படிப்பவருக்கு மறுக்க மிச்சம் எதுவும் இருக்காது. மன உளைச்சலுக்குத் தொகை கேட்பது பிரிட்டன் மாதிரி இடங்களில் பொருந்தும், அங்கே அதை நான்காவது கோரிக்கையாக ஒரே வரியில் சேர்க்கலாம்.

முதல் பதிலில் பெரும்பாலும் வருவது "அடுத்த முறை கட்டணமில்லாமல் அனுப்பிக்கொள்ளுங்கள்" என்ற கூப்பன். நிறுவனத்துக்கு அதில் செலவே இல்லை, நீங்கள் மறுபடி அவர்களிடமே வரவும் செய்வீர்கள். சட்டப்படி திருப்பித் தர வேண்டிய கட்டணத்துக்குப் பதிலாக அதை வாங்கிக்கொள்ள அவசியமில்லை, பணமாகக் கேளுங்கள். அபராதத்துக்கு ஈடாகக் கூப்பனோ சின்னத் தொகையோ தந்தால் வாங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். "இத்துடன் அனைத்துக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற வாசகம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், ஒப்புக்கொண்டபின் மேல்முறையீட்டில் உங்கள் கை கட்டப்பட்டுவிடும்.

செய்யக் கூடாதவை சில. பணம் இன்னும் போய்ச் சேராத கட்டத்தில் பதற்றத்தில் ரத்து செய்வதற்கு முன், உத்தரவு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். நாளைக்குச் சேர வேண்டியது ரத்தாகி, திரும்பி வர இன்னொரு வாரம் ஆகலாம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சொல்லி அந்தத் தொகையை மறுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பணம் பெறுபவருக்குச் சேர்ந்துவிட்ட நிலையில் அதைச் செய்தால் மோசடி என்று பதிவாகி உங்கள் கணக்கையே முடக்குவார்கள், நியாயமான புகாரும் அதோடு போய்விடும். இன்னொன்று, நிறுவனத்தின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடி முதலில் வரும் "ஹெல்ப்லைன்" எண்ணுக்கு அழைக்காதீர்கள். சமூக ஊடகத்தில் நீங்கள் புலம்பியதும் "உதவுகிறோம், மெசேஜ் அனுப்புங்கள்" என்று வருபவர்களில் பாதிப் பேர் ஏமாற்றுக்காரர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை ஆப்புக்குள்ளிருந்தோ ரசீதிலிருந்தோ எடுங்கள். பணம் திருப்பித் தர ஓடிபி கேட்பவர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

நிறுவனம் கைவிரித்தால் மேலே போக வேண்டிய இடத்தைத் தேட வேண்டியதில்லை, அமெரிக்க ரசீதில் உரிமம் தந்த மாநில அமைப்பின் பெயரும், சிஎஃப்பிபி என்ற கூட்டாட்சி நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் விவரமும் அச்சாகியிருக்க வேண்டும். சிஎஃப்பிபி தளத்தில் புகார் போட்டால் அது நேராக நிறுவனத்துக்கு அனுப்பப்படும். பொதுவாக 15 நாளில் பதில் வரும், சில சமயம் 60 நாள் வரை ஆகலாம். அந்த அமைப்பு உங்களுக்காகத் தொகை நிர்ணயிக்காது. ஆனால் அந்த வழியாக வரும் கடிதத்தைச் சாட் பையன் பார்ப்பதில்லை, அதற்கென்று தனி ஆள் இருப்பார், கட்டணம் திருப்பித் தரும் அதிகாரமும் அவர் கையில் இருக்கும். நான் அந்தப் பக்கம் இருந்தபோது, கீழே இரண்டு முறை மறுக்கப்பட்ட அதே கோரிக்கை இந்த வழியாக வந்ததும் ஒப்புக்கொள்ளப்பட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்காக முதலிலேயே அங்கே போகாதீர்கள். நிறுவனத்துக்கு நேரடியாக எழுதிய தேதியும் புகார் எண்ணும் கையில் இருந்தால்தான் அந்தப் புகாருக்கு எடை.

எந்த நாட்டிலிருந்து அனுப்பினீர்கள், ரசீதில் என்ன தேதி, என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுங்கள், கடிதத்தை இன்னும் குறிப்பாக அமைத்துத் தருகிறேன். பரிமாற்ற எண்ணையும் ரசீதின் படத்தையும் மட்டும் இங்கே போடாதீர்கள்.